இணை விண்ணப்பதாரர் காலமானார்

என் அப்பா இறந்துவிட்டார் என்ற செய்தி ஜூலை இருபத்திரண்டாம் தேதி தபாலில் வந்தது. அவரே பெட்டியைத் திறந்து எடுத்து வந்தார். கத்தரிக்கோலால் உறையின் ஓரத்தை நூல் பிடித்தாற்போல வெட்டினார். இரண்டு தரம் வாசித்தார். பிறகு காகிதத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, குக்கரில் எத்தனை விசில் வந்திருக்கிறது என்று கேட்டார்.

"மூணு."

"அப்ப ஆஃப் பண்ணு. நாலு போனா பருப்பு கொழஞ்சிரும்."

கடிதம் அவர் பெயருக்கே எழுதப்பட்டிருந்தது. அன்புள்ள சத்தியசீலன் செல்வராஜ் அவர்களுக்கு என்று தொடங்கி, ஆபேல் சத்தியசீலனின் கல்விக் கடன் விண்ணப்பத்தை ஏற்க முடியாததற்கு வருந்தி, காரணத்தை ஒரே வரியில் சொல்லியிருந்தது. இணை விண்ணப்பதாரர் காலமானவர் என்று பதிவாகியுள்ளது. மேலும் விவரம் வேண்டுமென்றால் அவர் கீழ்க்கண்ட எண்ணுக்கு இலவசமாக அழைக்கலாம்.

உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் இரண்டாயிரம் பிறக்கும் ஜனவரி ஒன்றாம் தேதி புத்தி பேதலிக்கப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த வருஷம் அது. எங்கள் விஷயத்தில் ஆறு மாதம் முந்திவிட்டது போலிருக்கிறது என்று அப்பாவிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. இறந்தவர்களைச் சிரிக்க வைப்பது கஷ்டம்.

மூன்று வாரத்துக்கு முன்னால் அந்த விண்ணப்பத்தை நாங்கள் இதே சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்துதான் நிரப்பினோம். நான் ஒரு தனியார் கல்லூரியில் இரண்டு வருஷம் முடித்திருந்தேன். மூன்றாம் வருஷத்துக்கான பணம் ஆகஸ்ட் இருபதுக்குள் போய்ச் சேரவேண்டும். சேராவிட்டால் நான் பதிவு செய்திருந்த வகுப்புகளையெல்லாம் கல்லூரி ஒவ்வொன்றாக உருவிவிடும். உதவித்தொகை, அரசாங்கக் கடன் எல்லாம் போக மிச்சத்துக்குத் தனியார் கடன். இருபது வயதுக்காரனை நம்பி யாரும் அத்தனை பணம் தரமாட்டார்கள் என்பதால் கூடவே ஒரு பெரியவர் கையெழுத்துப் போடவேண்டும்.

முதல் இரண்டு வருஷமும் அந்தப் பெரியவர் அம்மா. ஜெயலீலா சத்தியசீலன், நர்ஸ், ஹூஸ்டன் மெடிக்கல் சென்டர். போன அக்டோபரில் அவள் வேலை பார்த்த ஆஸ்பத்திரியிலேயே, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து, இரண்டு நாள் கிடந்து போய்விட்டாள்.

எங்கள் வீட்டில் படிவம் என்றால் அம்மாதான். எதற்கும் மூன்று பிரதி வாங்கி வருவாள். ஒன்று எழுத, ஒன்று கெடுக்க, ஒன்று கர்த்தருக்கு என்பாள். கர்த்தருக்கானது எப்போதும் வெறுமையாகக் கோப்பில் தூங்கும். நானும் கல்லூரி அலுவலகத்தில் மூன்று கேட்டேன். அங்கிருந்த பெண் எதற்கு என்றாள். மத காரணம் என்றேன்.

போன வருஷத்து நகல் கோப்பில் இருந்தது. அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எழுதினேன். ஒவ்வொரு கட்டத்திலும் அம்மாவின் பெரிய எழுத்துகள் எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தன. ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு. வேலையில் எத்தனை வருஷம்: 9. விண்ணப்பதாரருக்கு என்ன உறவு: MOTHER. அந்தச் சொல்லுக்குக் கீழே ஒரு கோடு கூட இழுத்திருந்தாள், யாரோ சந்தேகப்பட்டது போல.

"கோ-அப்ளிகன்ட்னா என்னல அது?" என்று கேட்டார் அப்பா.

"கூட சைன் பண்ற ஆளுப்பா. நான் கட்டலன்னா உங்கள்ட்ட கேப்பாங்க."

"நீ கட்டமாட்டியோ?"

"கட்டுவேன்பா."

"பின்ன என்ட்ட எதுக்குக் கேக்கான்?"

இதற்குப் பதில் பொருளாதாரத் துறையில் யாருக்காவது தெரிந்திருக்கலாம். நான் அடுத்த கட்டத்துக்குப் போனேன்.

"உங்க பேர்ல லோன் எதாவது இருக்கா?"

"இல்ல."

"வீடு?"

"அம்மா பேர்ல."

"கிரெடிட் கார்டு?"

"அம்மாக்கு ரெண்டு உண்டு. எனக்கெதுக்கு?"

"கார் லோன்?"

"ரொக்கம் குடுத்து வாங்குனது. அந்தச் சேல்ஸ்மேன் நோட்டையெல்லாம் வெளிச்சத்துல தூக்கிப் பாத்தான்லா?"

இதைச் சொல்லும்போது அப்பாவின் முகத்தில் கடைசி நியாயத்தீர்ப்பு நாளில் வரிசையின் முன்னால் நிற்பவரின் களை இருந்தது. ஆல்வின் என்ற ஊருக்குப் போகும் வழியில் ஒரு வால்வு கம்பெனியின் வேர்ஹவுஸில் பத்து வருஷமாக ஸ்டோர் கீப்பர். ஆறாயிரம் உதிரிபாக எண்கள் அவருக்கு மனப்பாடம். ஒரு டாலர் கடன் கிடையாது. ஒருவன் கடனே வாங்காமல் இருந்தால் அவன் இருக்கிறானா என்பதே இந்த ஊருக்குத் தெரியாது என்று நான் சொன்னபோது, ஆண்டவருக்குத் தெரியும் என்றார்.

மண நிலை என்ற கட்டத்தில் மூன்று சதுரங்கள். மணமானவர், மணமாகாதவர், பிரிந்து வாழ்பவர். மணமாகாதவர் என்பதன் கீழே எறும்பு எழுத்தில் ஒரு குறிப்பு. தனியாக வாழ்பவர், விவாகரத்தானவர், துணையை இழந்தவர் எல்லோரும் இதில் அடக்கம்.

அப்பா பேனாவை என் கையிலிருந்து வாங்கி, மணமானவர் என்பதில் டிக் போட்டார். டெக்சாஸில் ஒரு பொய்யான டிக்குக்கு என்ன தண்டனை என்று தெரியவில்லை. அது பொய்தானா என்றும் தெரியவில்லை.

அம்மாவுக்கு இன்னும் தபால் வந்துகொண்டிருந்தது. வாரம் இரண்டு, மூன்று. ஜெயலீலா, நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள். ஜெயலீலா, உங்களுக்குப் பத்தாயிரம் டாலர் வரை காத்திருக்கிறது. வீட்டுத் தவணையும் கார்டுத் தவணையும் அவள் பெயரில் தேதி தவறாமல் போய்க்கொண்டிருந்ததால், போன பிறகு வங்கிகளிடம் அவள் மதிப்பு ஏறிக்கொண்டேதான் இருந்தது. அந்த உறைகளை அப்பா பிரிக்கமாட்டார், எறியவும் மாட்டார். ஃபிரிட்ஜ் மேல் அடுக்கிவைப்பார். அவள் டியூட்டி முடிந்து வந்து பார்ப்பதற்கு வைப்பதுபோல.

காலமான செய்தி வந்த மறுநாள், அப்பா வேலைக்குப் போயிருந்தபோது, அந்த இலவச எண்ணுக்குப் போன் பண்ணினேன். இருபது நிமிஷம் பியானோ கேட்ட பிறகு இழுத்து இழுத்துப் பேசும் ஒரு பெண் வந்தாள். என் எண்ணைத் தட்டினாள்.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், ஆபேல்" என்றாள்.

"என் அப்பா சாகவில்லை. காலையில் எனக்குத் தோசை சுட்டுக் கொடுத்தார்."

தோசை என்பது இந்த நிறுவனத்தில் சான்றாக ஏற்கப்படுவதில்லை என்று அவள் சொல்லவில்லை, ஆனால் குரல் அப்படித்தான் இருந்தது. அப்பாவின் சோஷியல் செக்யூரிட்டி எண், அரசாங்கம் ஆளுக்கொன்றாகக் கொடுப்பது, இறந்தவர்கள் பட்டியலில் இருக்கிறதாம். போன அக்டோபரிலிருந்து. பட்டியல் அரசாங்கத்துடையது. அதைத் திருத்த அவளுக்கு அதிகாரமில்லை. அவரே நேரில் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போய்த் தான் உயிரோடிருப்பதை நிரூபித்து ஒரு கடிதம் வாங்கி வந்தால் பார்க்கலாம். முப்பது நாள் இந்த விண்ணப்பத்தைத் திறந்து வைத்திருப்பார்கள்.

"இல்லையென்றால் இதைவிட சுலபமான வழி இருக்கிறது" என்றாள். "பழைய கடன்களில் இன்னொரு பெற்றோர் இருக்கிறாரே. ஜெயலீலா. அருமையான கோப்பு. ஒரு தவணைகூடத் தப்பவில்லை. அவர் இணை விண்ணப்பதாரராக வந்தால் கட்டணமும் குறையும். ஒரு பக்கத்தை மட்டும் நிரப்பி, கையெழுத்தும் தேதியும் போட்டு அனுப்பினால் ஐந்து நாளில் கல்லூரிக்குப் பணம் போய்விடும்."

நான் போன் வயரை விரலில் சுற்றினேன்.

"நான் நேற்று உங்கள் வீட்டுக்கு அழைத்தேன். ஆன்சரிங் மெஷினில் பேசியது அவர்தானே? எவ்வளவு இனிமையான குரல்."

"ஆமாம்" என்றேன். "அவர்தான்."

போனை வைத்த பிறகு வீட்டில் ஏசி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வெளியே, ஹூஸ்டனை ஒட்டிய எங்கள் பியர்லேண்டின் ஜூலை வெயிலில் ஒரு மனிதர் இல்லை, கார்கள்தான் இருந்தன. அரசாங்கத்தின் கணக்குப்படி இந்த வீட்டில் இப்போது அம்மாவும் நானும் குடியிருக்கிறோம் என்று எனக்குத் தோன்றியது. அப்பாதான் அவ்வப்போது வந்து சமைத்துவிட்டுப் போகிறார்.

சாயங்காலம் அவரிடம் இரண்டு வழியையும் சொன்னேன். முதல் வழியைப் பாதியிலேயே கையசைத்து நிறுத்தினார்.

"அங்கெல்லாம் எதுக்கு? அம்மா பேரப் போடு. அவதானே எப்பவும் போடுதது."

"அப்பா, அம்மா..."

"அவங்களே கேக்காங்கல்லா? நாம ஒண்ணும் போய்ச் சொல்லலியே. அவ இருந்தா போட்டிருக்கமாட்டாளா?"

"இருந்தா போட்டிருப்பாங்க."

"அப்ப போடு."

"சைன்?"

அப்பா என்னைப் பார்த்தார். "உனக்குத் தெரியாதாக்கும்? ஆறாங்கிளாஸ்லேர்ந்து அவ சைனப் போட்டுதானே ரிப்போர்ட் கார்டு குடுத்த. அவளுக்குத் தெரியும்ல. என்ட்ட சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. என்னவிட நல்லாப் போடுதான்னு."

இது எனக்குப் புதுச் செய்தி. ஏழு வருஷத் திருட்டு முழுக்க ரசிகர்கள் முன்னிலையில் நடந்திருக்கிறது.

மறுநாள் மதியம் இரண்டாம் படிவத்தை எடுத்தேன். கெடுப்பதற்கான படிவம். இணை விண்ணப்பதாரர் பக்கத்தில் போன வருஷத்து நகலை அப்படியே இறக்கினேன். வேலையில் எத்தனை வருஷம் என்ற கட்டத்தில் மட்டும் நின்றேன். ஒன்பதோடு ஒன்று கூட்டுவதா? பத்து என்று எழுதினேன். எழுதியதும் அவள் ஒரு வருஷம் கூடுதலாக நைட் டியூட்டி பார்த்துக் களைத்துப்போனவளாகத் தெரிந்தாள். ஏழு வந்த இடத்திலெல்லாம் என் கை தானாகவே குறுக்குக் கோடு போட்டது. நான் அப்படி எழுதுவதில்லை.

கடைசியில் கையெழுத்து. பேனாவைத் தூக்காமல் ஒரே வீச்சு. J-யின் வாலில் ஒரு சுழி, கடைசி எழுத்து வரி தாண்டி மேலே பறக்கும். எந்தத் தடுமாற்றமும் இல்லை. மை காயும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சற்று முன்புதான் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போனதுபோல இருந்தது. கிச்சன் பக்கம் ஒரு தரம் திரும்பிக்கூடப் பார்த்தேன். ஃபிரிட்ஜ் மேல் அவள் தபால் அடுக்கு ஏசிக் காற்றில் ஓரம் மட்டும் படபடத்தது.

கையெழுத்துக்குப் பக்கத்தில் தேதி என்று ஒரு சின்னக் கோடு.

7 என்று ஆரம்பித்துக் குறுக்குக் கோடும் போட்டுவிட்டேன். அதற்குமேல் கை ஓடவில்லை. அவள் கையெழுத்தை ஏழு வருஷம் திருடியிருக்கிறேன், ஒரு நாளும் கூச்சம் இருந்ததில்லை. அப்போதெல்லாம் அந்தத் தேதியில் அவள் எங்கேயாவது இருந்தாள். ஐந்தாம் மாடியில் யாருக்காவது ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். 1999 ஜூலையில் அவளை எங்கே நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை.

சனிக்கிழமை ரெபெக்கா ஆன்ட்டி வந்தாள். அம்மாவும் அவளும் நாகர்கோவிலில் ஒரே ஹாஸ்டலில் படித்து, ஒரே விமானத்தில் ஹூஸ்டனுக்கு வந்த நர்சுகள். விண்ணப்பத்தில் என் ரெஃபரன்ஸ் அவள்தான். அம்மா போனதிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒரு தரம் மீன் குழம்போடு வந்து, எங்கள் வீட்டுத் தூசியைத் திட்டிவிட்டுப் போவாள். அன்றைக்குக் குழம்பை மேஜையில் வைக்க இடம் தேடியவள், அந்தப் படிவத்தைப் பார்த்துவிட்டாள். குழம்பைத் தரையில் வைத்தாள்.

"மக்களே, இது யாரு போட்ட சைனு?"

நான் நடந்ததைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாள். அப்பா பின்பக்கம் புல் வெட்டும் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி செத்துப்போனதா சொல்லுதானா? எந்த மாசம்?"

"அக்டோபர்."

"அப்ப நான் கேட்டது சரிதான்" என்றாள், என்னிடம் இல்லை.

"என்ன கேட்டீங்க?"

"ஃபியூனரல் ஹோம்ல மக்கா. நான்தானே பக்கத்துல இருந்தேன். நீ கார்ல இருந்த. அந்தப் பையன் பாரம் எழுதுதான். பேரு, பிறந்த தேதி எல்லாம் அண்ணாச்சி சொன்னாங்க. சோஷியல் நம்பர் கேட்டான். சொன்னாங்க. அது லீலா நம்பர் இல்ல."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குத் தெரியாம? நாங்க ரெண்டு பேரும் ஒரே நாள், ஒரே கவுன்ட்டர்ல எழுதிக் குடுத்தது. அவ எனக்கு முன்னால நின்னா. அவ நம்பரோட ஒண்ணக் கூட்டுனா என் நம்பர். ஒவ்வொரு டாக்ஸ் பாரத்துலயும் என் நம்பர எழுதும்போது அவளத்தான் நெனப்பேன்." மூக்கை உறிஞ்சினாள். "கலக்கத்துல தன் நம்பரச் சொல்லுதாங்கன்னு தெரிஞ்சுச்சு. அந்த நேரத்துல எப்படித் திருத்துவேன்? அப்புறம் மாத்தியிருப்பாங்கன்னு நெனச்சேன்."

எல்லாம் விளங்கிவிட்டது. இறந்தவர் பெயர் ஜெயலீலா சத்தியசீலன், எண்ணோ சத்தியசீலன் செல்வராஜுடையது. நம் ஆட்கள் புருஷன் பெயரையும் அப்பன் பெயரையும் கடைசியில் ஒட்டிக்கொள்வதில் எது பெயர், எது குடும்பப் பெயர் என்று எந்த அமெரிக்கனுக்குத் தெரியும்? இரண்டிலும் ஒரு சத்தியசீலன் இருக்கிறான், எண் சரியாக இருக்கிறது, போகட்டும் என்று எங்கோ யாரோ தட்டியிருக்கிறார்கள். அரசாங்கத்துக்கு ஒரு சத்தியசீலன் தேவைப்பட்டது. கிடைத்தது.

ஒன்று மட்டும் உறுத்தியது. கலக்கம் என்றாள் ஆன்ட்டி. ஆறாயிரம் வால்வுகளின் எண்ணைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும் மனுஷன்.

புல்வெட்டி நின்றது. அப்பா வியர்வையோடு உள்ளே வந்து, எங்கள் இருவர் முகத்தையும், மேஜையில் கிடந்த படிவத்தையும் பார்த்தார். படிவத்தைக் கையில் எடுத்தார். அந்தக் கையெழுத்தின் மேல் விரலை வைக்காமல், ஓர் அங்குலம் தள்ளியே நகர்த்திக்கொண்டு போனார்.

"தேதி போடலியால?"

"முடியலப்பா."

"அண்ணாச்சி" என்றாள் ஆன்ட்டி. "அன்னிக்கு அந்தப் பையன்ட்ட எந்த நம்பரச் சொன்னீங்க?"

அப்பா சிங்க்கில் முகம் கழுவினார். நிதானமாகத் துடைத்தார். துண்டை நான்காக மடித்தார்.

"என் நம்பர்" என்றார்.

"கலக்கத்துல..."

"கலக்கம் ஒண்ணுமில்ல. தெரிஞ்சுதான் சொன்னேன்." எங்களைப் பார்க்காமல் துண்டிடம் சொல்வதுபோலச் சொன்னார். "அவ நம்பர் வாய் வரைக்கும் வந்துட்டு. சொன்னா முடிஞ்சிட்டுலா? பேரு ஆயிரம் பேருக்கு இருக்கும். நம்பர் அவ ஒருத்திக்குத்தான். ஸ்டோர்ல ஒரு நம்பர அடிச்சிட்டோம்னா அந்தச் சாமான் இனிமே வராது. அந்தப் பையன் பேனாவ வச்சிக்கிட்டு நிக்கான். பாரத்துல ஒரு ஆளு போகணும், அவ்வளவுதானே? நான் போயிட்டேன்."

நான் வழக்கமாக இப்படிப்பட்ட இடத்தில் ஏதாவது வேடிக்கையாகச் சொல்வேன். தேடிப் பார்த்தேன். இல்லை.

"நல்லாத்தானே ஓடுச்சு" என்றார் அப்பா. "அவளுக்குத் தபால் வருது. வீட்டுக்கு அவ பேர்ல பணம் போவுது. எனக்கு என்ன கொறைஞ்சுது? செத்தவன்ட்ட யாரு என்ன கேப்பா?"

"நான் கேக்கேன்பா" என்றேன். "எனக்குக் காலேஜ் போகணும். உங்க சைன் வேணும்."

"அவ சைனு..."

"அவங்க சைன் வேண்டாம். உங்க சைன் வேணும். நீங்க இருக்கணும்."

ரெபெக்கா ஆன்ட்டி எழுந்து தரையிலிருந்த மீன் குழம்பை அடுப்பில் ஏற்றினாள். "செத்தவங்களுக்குக் குழம்பு கெடையாது" என்று அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். "எது வேணும்னு யோசிச்சிச் சொல்லுங்க, அண்ணாச்சி."

அப்பா தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். இரண்டு தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். எங்கே போகவேண்டும் என்று மட்டும் என்னிடம் கேட்டார்.

அலுவலகம் ஃப்ரீவே ஓரத்தில் ஒரு டயர் கடைக்கும் வரி ஆலோசகருக்கும் நடுவில் இருந்தது. சீட்டு எடுத்துக்கொண்டு காத்திருந்தோம். எங்கள் சீட்டு எண் எண்பத்தாறு. பாஸ்போர்ட், பச்சை அட்டை, டிரைவிங் லைசென்ஸ், மூன்று சம்பளச் சீட்டு, வால்வு கம்பெனியின் புகைப்பட அட்டை எல்லாவற்றையும் அப்பா ஒரு பிளாஸ்டிக் உறையில் வைத்து மார்போடு பிடித்துக்கொண்டிருந்தார். சட்டையை நானே இஸ்திரி போட்டேன். உயிரோடிருப்பது தெரியவேண்டுமே.

கவுன்ட்டரில் இருந்தவள் வயதான கறுப்பினப் பெண். கழுத்தில் கண்ணாடி சங்கிலியில் தொங்கியது. அப்பாவின் எண்ணைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள்.

"நீங்கள் இறந்ததாக இங்கே இருக்கிறது, ஐயா."

"எஸ் மேடம்" என்றார் அப்பா.

"நீங்கள் இறந்ததுபோல எனக்குத் தெரியவில்லை."

"தேங்க்யூ மேடம்."

அட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறந்த தேதி, பிறந்த ஊர், தாயார் பெயர் எல்லாம் கேட்டாள். அப்பா தன் அம்மாவின் பெயர் பவளம் என்று சொல்லி எழுத்துக்கூட்டினார். படபடவென்று தட்டிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"உங்கள் பதிவை எடுத்துவிடலாம். ஆனால் இது ஃபியூனரல் ஹோமிலிருந்து வந்த தகவல். அன்றைக்கு யாரோ ஒருவர் இறந்திருக்கிறார். அது யார்?"

நான் அப்பாவைப் பார்த்தேன். ஆங்கிலத்தில் நானே சொல்லிவிடலாம். அம்மாவின் எண் எனக்கும் தெரியும். ஒரு வாரமாக எழுதிக்கொண்டுதான் இருந்தேன். வாயைத் திறந்தேன். அப்பா என் முழங்கையில் கை வைத்தார்.

"மை வைஃப்" என்றார்.

"அவருடைய எண்?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். பின்னால் யாரோ ஒரு குழந்தையை அதட்டினார்கள். எண்பத்தேழு என்று ஒலிபெருக்கி பக்கத்துக் கவுன்ட்டருக்கு ஆள் கூப்பிட்டது. அப்பா முதல் மூன்று எண்ணைச் சொன்னார். நிறுத்தினார். அடுத்த இரண்டு. கடைசி நாலும் அவர் வேர்ஹவுஸில் சொல்வதுபோல வரவில்லை. ஒவ்வொன்றாக, அலமாரியிலிருந்து கனமான எதையோ இறக்கி வைப்பதுபோல வந்தன.

அந்தப் பெண் அவசரப்படுத்தவில்லை. கடைசி எண் வந்த பிறகுதான் தட்டினாள். அந்தச் சத்தம் சாதாரணமாகத்தான் இருந்தது, ஒன்பது தட்டு.

அச்சு இயந்திரத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. சத்தியசீலன் செல்வராஜ் தவறுதலாக இறந்தவராகப் பதிவு செய்யப்பட்டார், இது தொடர்புடைய எவருக்கும் காட்டப்படலாம். இன்னொரு படிவமும் கொடுத்தாள். மரணச் சான்றிதழில் எண்ணைத் திருத்தி எடுத்து வந்தால், மனைவியை இழந்தவர் என்ற முறையில் அவருக்கு ஒரே ஒரு தடவை இருநூற்று ஐம்பத்தைந்து டாலர் கிடைக்கும். இரண்டு வருஷத்துக்குள் கேட்கவேண்டும்.

"உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன்" என்றாள்.

காரில் வந்து உட்கார்ந்ததும் அப்பா கேட்டார், "இருநூத்தி அம்பத்தஞ்சா சொன்னா?"

"ஆமாப்பா."

"அம்பத்தஞ்சு எதுக்கு?"

தெரியவில்லை என்றேன். பியர்லேண்ட் வரும்வரை அவர் அந்த ஐம்பத்தைந்தைப் பற்றி யோசித்துக்கொண்டே வந்தார் என்று நினைக்கிறேன்.

அன்று மாலை மேஜையில் கர்த்தருக்கான மூன்றாம் படிவத்தை எடுத்து வைத்தேன். எங்கள் வீட்டு வரலாற்றில் முதல்முறையாக அதில் ஆள் குடியேறினார். பெயர், எண், வேலை. உறவு: FATHER. மண நிலைக்கு வந்தபோது பேனாவை அவரிடம் கொடுத்தேன்.

எறும்பு எழுத்தைக் கண்ணாடியை உயர்த்தி வாசித்தார்.

"துணையை இழந்தவன் மணமாகாதவனாம்ல."

"ஃபார்ம் அப்படிப்பா."

"அப்ப இருவத்திரண்டு வருஷம் என்னதுல?"

"அதுக்குக் கட்டம் இல்லப்பா."

டிக் போட்டார். கையெழுத்துப் போட்டார். பள்ளிக்கூடப் பையன்போல, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக. தேதியையும் அவரே போட்டார்.

நான் மறுநாள் ரெபெக்கா ஆன்ட்டி வீட்டு ஃபாக்ஸில் அனுப்பிவிட்டு, இழுத்துப் பேசும் பெண்ணுக்குப் போன் பண்ணினேன். ஜெயலீலாவைப் பற்றியும் சொன்னேன். உங்கள் இழப்புக்கு வருந்துகிறேன், ஆபேல் என்றாள். அதே வாக்கியம், அதே இழுவை. இந்தத் தடவை சரியான ஆளுக்குப் போய்ச் சேர்ந்தது. அப்பாவுக்குக் கடன் வரலாறே இல்லாததால் கட்டணம் இரண்டு சதவீதம் கூடும் என்றாள். அம்மாவாக இருந்தால் மலிவாக முடிந்திருக்கும். பணம் ஆகஸ்ட் பதினெட்டாம் தேதி கல்லூரிக்குப் போனது.

நவம்பரில் நன்றி நாள் விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது ஃபிரிட்ஜ் மேல் அடுக்கு அப்படியே இருந்தது. செப்டம்பரோடு அதன் உயரம் நின்றுவிட்டிருந்தது. அப்பா தபால் பெட்டிக்குப் போய்வந்தார். கையில் ஒரே ஒரு உறை. அன்புள்ள சத்தியசீலன், நீங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறீர்கள்.

"கடன் வாங்குனவந்தான் இவனுக கண்ணுக்குத் தெரிவான் போல" என்றார். பிரிக்கவில்லை. அடுக்கைத் தூக்கி, தன் உறையை எல்லாவற்றுக்கும் அடியில் வைத்தார்.

கோப்பில் அந்த இரண்டாம் படிவமும் இருந்தது. நான் கிழித்துப் போட்டுவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். ஜெயலீலா சத்தியசீலன், வேலையில் பத்து வருஷம், கையெழுத்து. தேதிக் கோட்டில் குறுக்குக் கோடு போட்ட ஒரு ஏழு மட்டும். பக்கத்தில் வேறு யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை.

ஆனால் அந்த ஏழின் மேல் யாரோ பலமுறை விரலை வைத்திருக்கிறார்கள். மை தேய்ந்து, வெளிறியிருந்தது.